ஒரு விசை, ஒரு நாற்காலி

எங்கள் அலுவலகத்துக்குப் புது லாப்டாப் வந்தது. ஒன்றுதான் வந்தது. பெட்டியைப் பிரித்தபோதே அது எதற்கு வந்திருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் உள்ளே இருந்த தெர்மாக்கோலை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "எனக்குப் பொருந்துதா பாரு" என்றேன். கூட வேலை பார்க்கிறவள் சிரிக்கவில்லை. நான் ஒருத்தனே சிரித்து முடித்தேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தோம். அப்புறம் நாலு, அப்புறம் மூன்று. நான், அவள், முதலாளி. முதலாளி ஒட்டன்சத்திரத்துக்காரர்; வேலையை விட்டு நிறுத்தினாலும் மரியாதை குறையாமல் நிறுத்துவார். அவள் சின்னாளப்பட்டியிலிருந்து வருவாள். என்னை அண்ணன் என்பாள். நான் சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி வழியாகப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, அந்தக் களைப்பில் பாதி நாள் உட்கார்ந்திருப்பவன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது பள்ளிக்கூட வேன்களுக்கான ஒரு மென்பொருள். வேன் ஓட்டுநரின் போன், வண்டி எங்கே இருக்கிறது என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். பெற்றோர் தங்கள் போனில் வரைபடத்தைத் திறந்து, பிள்ளை வருகிற வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம். பார்க்கிற பக்கம், அதாவது ஃப்ரண்ட் எண்ட், அவளுடையது. வேன்கள் அனுப்புவதை வாங்கி வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற பேக் எண்ட் என்னுடையது. எனக்கு அவள் வேலை வராது. ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு பொத்தான் செய்தேன். அது திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய லாப்டாப்கள் இரண்டுக்கும் மூச்சு பத்தாது. இரண்டையும் ஒன்றில் ஏற்றினால் மவுஸ் அம்பு கூட யோசித்து யோசித்துத்தான் நகரும். அதனால் பேக் எண்ட் என் லாப்டாப்பில் ஓடும்; அவள் லாப்டாப்பில் ஓடும் ஃப்ரண்ட் எண்ட் ஆபீஸ் வைஃபை வழியாக என்னிடம் வந்து கேட்கும். ஒவ்வொரு தடவை நிறுத்தி ஏற்றும்போதும் ஒரு முறை வைத்திருந்தோம். என் பக்கம் ஏறிவர பத்துப் பன்னிரண்டு நொடி ஆகும். எல்லா வேன்களின் கடைசி இடத்தையும் எடுத்து நினைவில் அடுக்கிக்கொண்டுதான் அது கண் திறக்கும். திறந்ததும் நான் பிளைவுட் தடுப்புக்கு மேலே "வந்துருச்சு" என்பேன். அப்புறம்தான் அவள் தன் பக்கத்தை ஓட்டுவாள். மோட்டார் ரூமில் ஒருத்தரும் வாய்க்காலில் ஒருத்தரும் நின்றுகொண்டு கத்துகிற மாதிரிதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கத்துவோம். கீழே டைல்ஸ் கடைக்காரர், மேலே ஏதோ தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை முதலாளி எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"ஏனுங்க, ஒளிச்சுப் பேச வேண்டாமுங்க. இந்த மாசத்தோட ஒரு ஆள்தானுங்க தாங்கும். ரெண்டு பேர்ல யாருன்னு நான் இன்னும் முடிவு பண்ணலைங்க. ஆனா ஒரு ஆள், ஒரு மெஷின்ல, ரெண்டையும் ஓட்டிப் பாத்து தப்புக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கோணும். அதைப் பண்ணிக் குடுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்துட்டுச் சொல்றேனுங்க."

"யாரு பண்ணணும்ங்க சார்?" என்றேன்.

"நீங்களே பண்ணுங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் வரும்."

புகழ்ச்சி மாதிரிதான் இருந்தது. நன்றி வேறு சொன்னேன்.

அவளுக்கு ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். வேலை போனால் மதுரைக்கோ கோவைக்கோதான் போக வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது. எனக்கு வயது நாற்பத்தொன்று. இந்தத் தொழிலில் நாற்பத்தொன்று என்றால், நேர்முகத் தேர்வுக்குப் போனால் அங்கே இருக்கிற பையன்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு யாருடைய அப்பா என்று கேட்பார்கள். இப்படி யோசித்தேனே தவிர, பயமோ துக்கமோ ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குமுன் ஈறில் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும் அல்லவா? அந்த வாரம் முழுக்க நான் என்னைத் தொட்டால் அப்படித்தான் இருந்தது. டீ வந்தது, குடித்தேன். சூடா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வேலை என்னவோ பெரிய வேலை இல்லை. நாங்கள் நிரல் எழுதுகிற எடிட்டரில், எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஒரு லாஞ்ச் கோப்பு உண்டு. அதில் பேக் எண்டை டீபக்கரோடு ஓட்ட ஒரு பத்தி எழுதினேன். பிரௌசரைத் திறந்து ஃப்ரண்ட் எண்டை டீபக்கரோடு பார்க்க இன்னொரு பத்தி. டீபக்கர் என்பது ஓடுகிற நிரலை நாம் சொன்ன வரியில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க விடுகிற கருவி. அப்புறம் அதே கோப்பில் காம்பவுண்ட் என்று ஒரு பகுதி: அதற்கு ஒரு பெயர் வைத்து, மேலே எழுதிய இரண்டு பத்திகளின் பெயரையும் அதற்குள் பட்டியலாகப் போட்டுவிட்டால், எடிட்டரின் மேல் ஓரத்துப் பட்டியலில் அந்தப் பெயரும் வந்து நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எஃப் ஃபைவ் விசையை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் சேர்ந்து நிற்கட்டும் என்று ஒரு வரியும் போட்டேன். ஃப்ரண்ட் எண்டின் கோப்புகளை பிரௌசருக்குப் பரிமாறும் குட்டி சர்வர் ஒன்று முன்னாடியே எழுந்திருக்க வேண்டும். அதைக் கிளப்பும் வேலையை, காம்பவுண்ட் கிளம்புமுன் செய்யவேண்டியது என்று காம்பவுண்டிலேயே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை புது லாப்டாப்பில் அழுத்திப் பார்த்தேன். இரண்டும் கிளம்பின. பிரௌசர் திறந்தது. வரைபடம் வந்தது. ஒரு வேன் கூட இல்லை. சிவப்பில், சர்வர் பதில் சொல்லவில்லை என்று ஒரு வரி.

காரணம் தெரிந்ததுதான். காம்பவுண்டுக்கு வரிசை கிடையாது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கிளப்பிவிடும், ஒன்றுக்காக இன்னொன்று நிற்காது. பேக் எண்ட் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கம் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. தடுப்புக்கு மேலே கத்துவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கத்துவதற்கு ஒரு ஆளை எழுதினேன். பத்து வரி. நொடிக்கு ஒரு தடவை பேக் எண்டிடம் போய், இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வராவிட்டால் "இன்னும் வரலை" என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி கேட்கும். பதில் வந்ததும் தன் வேலை முடிந்தது என்று போய்விடும். எழுதி முடித்த பெருமையில், குட்டி சர்வரைக் கிளப்பும் வேலை இருக்கிற இடத்திலேயே இதையும் சேர்த்தேன். கிளம்புமுன் செய்யவேண்டியவை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று. ஒழுங்கு பார்க்கிறவன் நான். என் மேஜையைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

புதன்கிழமை காலை எஃப் ஃபைவ் அழுத்தினேன். பிரௌசர் திறக்கவில்லை. கீழே கறுப்புத் திரையில், இன்னும் வரலை. இன்னும் வரலை. இன்னும் வரலை. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அதே வரி திரையை மூன்று தடவை நிரப்பியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் புரிந்தது. காம்பவுண்டில் போட்ட முன்வேலை முடிந்தால்தான் அதற்குள் இருக்கிற எதுவும் கிளம்பும். என் ஆள், பேக் எண்ட் வரட்டும் என்று நிற்கிறான். பேக் எண்டோ, அவன் நகரட்டும் என்று கிளம்பாமல் நிற்கிறது. இரண்டும் சாகும்வரை நிற்கும். சரிசெய்ய ஒரு நிமிஷம் போதும். காத்திருக்கும் வேலையைக் காம்பவுண்டிலிருந்து எடுத்து, ஃப்ரண்ட் எண்ட் பத்தியின் முன்வேலையாக வைத்தால் முடிந்தது. அப்போது பேக் எண்ட் தன்பாட்டுக்குக் கிளம்பும். ஃப்ரண்ட் எண்ட் மட்டும் அதற்காக நிற்கும்.

நான் சரிசெய்யவில்லை.

யோசித்து எடுத்த முடிவு இல்லை. கை விசைப்பலகையில் இருந்தது, கோப்பு திறந்திருந்தது, கை அசையவில்லை. முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து, "என்னாச்சுங்க?" என்றார். "இன்னும் வரலைங்க சார்" என்றேன். திரையில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் வாசித்தேன். பொய் கிடையாது.

அது ஓடாதவரை இரண்டு ஆள் வேண்டும். பதின்மூன்று வருஷமாகத் தப்புகளைத் துரத்தி அடித்துச் சம்பளம் வாங்கியவன், முதல் முறையாக ஒரு தப்பை உட்காரவைத்துச் சோறு போட்டேன். வியாழக்கிழமையும் போட்டேன். நடுவில் அதை அழுத்திப் பார்ப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக நடிப்பு வேறு. நடிப்பு நன்றாக வரவில்லை. என் முகத்தில் பொதுவாகவே ஒன்றும் தெரியாத பாவம் உண்டு, அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது அவள் தன் டப்பாவிலிருந்து வெஞ்சனத்தை என் பக்கம் தள்ளினாள். அவரைக்காய். முதலாளி வெளியே போயிருந்தார்.

"அண்ணே, அந்தக் காத்துக்கிட்டு நிக்கிறது எங்க எழுதியிருக்கீங்க?"

"எது?"

"அதான், 'இன்னும் வரலை'."

"ஏன், பாத்தியா?"

"நேத்தே பாத்தேன். நீங்க டீ குடிக்கப் போனீங்கள்ல, அப்ப. எடம் மாறிக் கெடக்கு."

நான் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்தே தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க ஏன் சொல்லல?"

"நான் ஒரு மடையன், எனக்குத் தெரியல."

"ஆமா, தெரியாமத்தான் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டு இருந்தீங்களாக்கும். பல்லு வலின்னு நெனச்சாரு சாரு. எங்கிட்டக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, பல்லு வலின்னேன்."

இரண்டு பேரும் சாப்பிட்டோம். கீழே டைல்ஸ் இறக்குகிற சத்தம். அவளே பேசினாள்.

"எத்தன நாளைக்குண்ணே? வேற யாரையாச்சும் கூட்டிட்டு வந்து காட்டுவாரு. அவன் வந்து அர மணி நேரத்துல எடுத்துப் போட்டுட்டுப் போவான். அப்ப ரெண்டு பேரையும் ஒண்ணாப் போகச் சொல்லுவாரு."

"அப்ப சரி பண்ணிரவா?"

"எங்கிட்டக் கேக்காதீங்க" என்றாள். டப்பாவை மூடினாள். "நான் சொல்லி நீங்க பண்ணதா இருக்க வேணாம்."

சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து சரிசெய்தேன். அங்கிருந்து வெட்டி, இங்கே ஒட்டி, சேமித்து, எஃப் ஃபைவ். பேக் எண்ட் ஏறியது. இன்னும் வரலை, இன்னும் வரலை என்று பதினொரு வரி வந்து நின்றது. பிரௌசர் திறந்தது. வரைபடம் முழுக்க வேன்கள். தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, 'வந்துருச்சு' என்று கத்தாமல் உட்கார்ந்தேன். அவளுக்குத் திரை தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புது லாப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நான் அழுத்தப்போனேன்.

"நீங்க பண்ணுனது. நீங்க ஓட்டுனா ஓடத்தானுங்க செய்யும்" என்றார். அவளைப் பார்த்தார். "நீங்க ஓட்டுங்கம்மா."

ஓட்டினாள். எல்லாம் வந்தது. முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சரிங்க. காலைல ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து கூப்புட்டாங்க. ஆத்தூர்ப் பக்கம் போற வேன், வரைபடத்துல அணைத் தண்ணிக்குள்ள நிக்குதாம். ஒரு அம்மா அழுதுட்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்துட்டாங்களாம். பிள்ளை நல்லாத்தான் இருக்குது, வேனும் ரோட்டுல தானுங்க இருந்துது. இத இப்பக் கண்டுபுடிங்க, பாக்கலாம். இந்த ஒரு மெஷின்ல."

அவள் அந்த வேனை எடுத்தாள். தண்ணீருக்கு நடுவில், நீலத்தில், மஞ்சள் புள்ளியாக நின்றுகொண்டிருந்தது. பார்க்கச் சாந்தமாகக் கூட இருந்தது. தன் பக்கத்து நிரலில், வேனின் இடம் வந்து இறங்குகிற வரியில், ஓட்டம் அங்கே நிற்கட்டும் என்று ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். அடுத்த தகவல் வந்ததும் அங்கே நின்றது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டே எண்களோடு வந்திருந்தன.

"எம் பக்கம் வரும்போதே இப்படித்தான் வருது" என்றாள். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

அப்புறம் என் நிரலைத் திறந்தாள். எங்கே என்று என்னைக் கேட்கவில்லை. பதின்மூன்று வருஷத்தில் அவள் என் நிரலைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தன் வீட்டு அலமாரி மாதிரி நேராகப் போனாள். வேனின் இடத்தை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி. முதலில் நின்றிருந்ததை ஓடவிட்டாள். பக்கம் மறுபடி கேட்டது, இந்த முறை பேக் எண்ட் நின்றது. திரையின் ஓரத்தில் இரண்டு ஓட்டங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. பேக் எண்டைத் தொட்டு உள்ளே போனாள். ஒரு வரி, அடுத்த வரி என்று நகர்த்தினாள். போன் அனுப்பிய இடம் ஆறு தசம எண்களோடு முழுசாக இருந்தது. அடுத்த வரி. இரண்டு எண்கள்.

அவள் கை நின்றுவிட்டது.

அந்த வரி என்னுடையது. போன வாரம் போட்டது. தகவல் அளவைக் குறைக்கிறேன் என்று எண்களைக் கத்தரித்திருந்தேன். இரண்டு தசமம் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் வேனை எங்கேயோ ஓரமாகத் தள்ளிவிடுகிறோம் என்று அர்த்தம். ஊருக்குள் ஓடுகிற வேன் நாலு தெரு தள்ளி நிற்கும், யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். அணையோரம் ஓடுகிற வேன் தண்ணீரில் நிற்கும். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அன்றைக்கு நானே என் முதுகில் தட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். முதலாளி அந்த வரியைப் பார்த்தால் புரிந்துகொள்கிற ஆள் இல்லை. நெட்வொர்க் கோளாறு என்று யாராவது சொல்லியிருந்தால் சரி என்றிருப்பார். அவள் அப்படிச் சொல்லிவிடுவாள் போலத் தோன்றியது.

"அது நான் போட்ட வரிங்க சார்" என்றேன். "நான்தான் வேனைத் தண்ணிக்குள்ள இறக்கினேன்."

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் மட்டும் அந்த வரியை எடுத்துவிட்டு, நிறுத்தி, மறுபடி எஃப் ஃபைவ் அழுத்தினாள். பதினொரு நொடி மூன்று பேரும் கறுப்புத் திரையில் வரிகள் ஏறுவதைப் பார்த்தோம். வேன் ரோட்டுக்கு வந்தது.

"ஏனுங்க, ரோட்டுக்கு வந்துருச்சுங்களே" என்றார். சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார். பள்ளிக்கூடங்கள் எல்லாம் திரையைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கின்றன, திரைக்கு ஆள் வேண்டும், அந்தம்மா உங்கள் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறார், அதை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். தப்பை ஒத்துக்கொண்டது பெரிய குணம் என்றும் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சொல்கிற விஷயம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் மதியமே சொல்லியிருப்பேன்.

"மாசக் கடைசி வரைக்கும் வாங்க. ஏதாச்சும் தேவைன்னா கூப்புடறேனுங்க. அப்புறம், உங்க பக்கத்தைப் பத்தி ஒரு குறிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எப்படி ஓட்டறது, என்னன்னு."

"சரிங்க சார்."

வெளியே வந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். முகம் கழுவியிருந்தாள்.

"என்னண்ணே சொன்னாரு?"

"நீ இரு, நான் போறேன்னு."

"ஒண்ணும் கேக்கலையா நீங்க?"

"என்னத்தக் கேக்க?"

"திருட்டுத்தனமா அந்த வரிய எடுத்துட்டு நெட்வொர்க்குன்னு சொல்லியிருப்பேன்" என்று சொன்னாள். "நீங்க அதுக்குள்ள வாயத் தொறந்துட்டீங்க."

"தெரியும்" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

"வாரேன்" என்று இறங்கிப் போனாள்.

நான் என் இடத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதத் தொடங்கினேன். பதின்மூன்று வருஷம் பார்த்த வேலை. நாலைந்து பக்கமாவது வரும் என்று நினைத்தேன். எப்படி ஓட்டுவது என்று தலைப்புப் போட்டேன். பட்டியலில் காம்பவுண்டைத் தேர்ந்தெடுத்து எஃப் ஃபைவ் விசையை அழுத்தவும் என்று எழுதினேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று யோசித்தேன். எதில் நிறுத்தி எதைப் பார்க்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மற்றதெல்லாம் லாஞ்ச் கோப்பில் நான் எழுதியதுதான்.

பிறகு, ஒரு பக்கமாவது வரட்டும் என்று எழுத்தின் அளவைக் கூட்டினேன்.